பில்லில் 720 என்று இருந்தால்

"தம்பி, சர்வருக்கு மாசம் பதினஞ்சு டாலர்னுதானே சொன்னே? இதுல நூத்தி அறுபத்தொண்ணு போட்டிருக்கே?"

சின்னதாக ஒரு இணையச் செயலியைச் செய்துகொடுத்தவர்கள் முதல் மாத பில் வந்ததும் கேட்கும் கேள்வி இது. தம்பி சொன்னதும் பொய்யில்லை, பில்லும் தப்பில்லை. சர்வருக்கான கட்டணம் அந்த பில்லில் பதினைந்து டாலராகத்தான் இருக்கிறது. மீதிப் பணம் எதற்கென்று தெரிய, பில்லின் மொத்தத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வரிகளைப் படிக்க வேண்டும்.

படித்துப் பார்க்க ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்வோம். கல்யாண மண்டபம் முன்பதிவு செய்யும் ஒரு செயலி. தேதி பார்க்கலாம், மண்டபத்தின் படங்களைப் பார்க்கலாம், முன்பணம் கட்டலாம். மண்டபமும் முதலாளியும் கற்பனை. விலைகள் மட்டும் அமேசான் வெப் சர்வீசஸ் தன் வர்ஜீனியா வட்டாரத்துக்கு வெளியிட்டிருக்கும் பட்டியல் விலைகள். சர்வர் ஏன் அமெரிக்காவில் இருக்கிறது என்றால், ஆரம்பத்தில் யாரோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அப்புறம் மாற்றவில்லை. மும்பை வட்டாரத்திலும் வரிகள் இதே மாதிரிதான் வரும். அங்கே குறியீடுகளின் முன்னால் `APS3-` என்று சேர்ந்திருக்கும், பல விலைகள் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

மாதம் ஜூன், 30 நாள். கணக்கின் `Billing and Cost Management` பக்கத்தில் `Bills` என்பதைத் திறந்தால், சேவைவாரியாகத் தொகை வரும்.

```
Elastic Compute Cloud         $78.48
Elastic Load Balancing        $17.52
Relational Database Service   $14.54
Virtual Private Cloud         $14.40
Data Transfer                  $6.30
Simple Storage Service         $4.59
Route 53                       $0.62
```

கூட்டினால் 136.45 டாலர். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 24.56 டாலர். ஆக 161.01. இந்தியாவில் பதிவுசெய்த கணக்குகளுக்கு அமேசானின் இந்திய நிறுவனமே பில் தருகிறது, அதனால்தான் இந்த வரி. ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலாக இருந்தால், கணக்கில் அந்த எண்ணைப் பதிந்து வைப்பது நல்லது. உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள இன்வாய்ஸில் அது இருக்க வேண்டும்.

முதல் வரியில் 78.48 என்று இருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலோர் சர்வர் விலை ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சிறிய சர்வருக்கு மாறலாமா என்ற பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கும். அவசரப்படாமல் அந்த வரியின் பக்கத்தில் இருக்கும் குறியைத் தட்டி விரித்துப் பாருங்கள். உள்ளே ஆறு வரிகள் இருக்கின்றன.

```
$0.0208 per On Demand Linux t3.small   720 Hrs       $14.98
$0.05 per vCPU-Hour, T3 CPU Credits     61 vCPU-Hrs   $3.05
$0.08 per GB-month, gp3 storage         80 GB-Mo      $6.40
$0.05 per GB-month, snapshot data       64 GB-Mo      $3.20
$0.045 per NAT Gateway Hour            720 Hrs       $32.40
$0.045 per GB, NAT Gateway             410 GB        $18.45
```

இடத்துக்காக வாசகங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். எந்த வரியாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: ஓர் அலகின் விலை, எத்தனை அலகு, பெருக்கி வந்த தொகை. நம் கண் தொகையின் மேல்தான் போகும். ஆனால் படிக்க வேண்டியது நடுவில் இருக்கும் அளவை. விலையை அமேசான் வைக்கிறது, அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நம் செயலி என்ன செய்தது என்பதைச் சொல்வது அந்த நடு எண்தான்.

முதலில் 720-ஐ எடுத்துக்கொள்வோம். 30 நாளை 24-ஆல் பெருக்கினால் 720. ஒரு பொருள் மாதம் முழுக்க, ராத்திரி பகல் என்று பாராமல் ஓடியது என்று அர்த்தம். 31 நாள் மாதத்தில் இதே எண் 744. பில்லில் மணிக்கணக்கு எங்கே வந்தாலும் அதை 720-ஆல் வகுத்துப் பாருங்கள். 1 வந்தால் ஒரு பொருள், 2 வந்தால் இரண்டு. 240 மணி என்று இருந்தால், ஏதோ ஒன்று 10 நாள் மட்டும் இருந்திருக்கிறது, அல்லது மூன்று பொருள்கள் ஒன்பதில் ஒரு பங்கு நேரம் ஓடியிருக்கின்றன. ஆள் வந்தார்களா, முன்பதிவு நடந்ததா என்பதைப் பற்றி இந்த எண்ணுக்குக் கவலையில்லை. ஆடி மாதத்தில் ஒரு முகூர்த்தம்கூட இல்லாவிட்டாலும் 744 மணிக்கும் காசு உண்டு.

நம் பில்லில் சர்வருக்கு 720, அதாவது ஒரு சர்வர். சரியாக இருக்கிறது. நாட் கேட்வே என்ற ஒன்றுக்கும் 720. லோடு பேலன்சருக்கு 720, டேட்டாபேஸுக்கு 720. எல்லாம் ஒவ்வொன்று. இந்த வரிசையில் ஒட்டாத ஓர் எண் வேறொரு பகுதியில் இருக்கிறது. `Virtual Private Cloud` என்பதை விரித்தால் இப்படி வரும்:

```
$0.005 per In-use public IPv4 address per hour   2,160 Hrs   $10.80
$0.005 per Idle public IPv4 address per hour       720 Hrs    $3.60
```

2,160-ஐ 720-ஆல் வகுத்தால் 3. ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் செயலிக்கு மூன்று பொது ஐபி முகவரிகள் எதற்கு? கேள்வி நியாயமானது. பதில், லோடு பேலன்சர் இரண்டு வளாகங்களில் கால் வைத்து நிற்கிறது, அதனால் அதற்கு இரண்டு. நாட் கேட்வேக்கு ஒன்று. சர்வருக்கு நேரடியாக முகவரியே இல்லை. பிப்ரவரி 2024 வரை பயன்பாட்டில் இருக்கும் முகவரிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011-லேயே தீர்ந்துபோனது. இப்போது முகவரி வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம் விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் செலவு 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு அரை சென்ட்டாக வாடிக்கையாளர் பில்லில் இறங்கியது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்துச் செலவைக் கணக்கிட்டவர்களுக்கு இந்த வரி புரியாத புதிராகத்தான் இருக்கும்.

இரண்டாவது வரியில் இருக்கும் 720 வேறு கதை. `Idle` என்றால் எதிலும் மாட்டப்படாமல் சும்மா கிடக்கும் முகவரி. எப்போதோ பழைய சர்வருக்காக எடுத்தது. சர்வரை அழித்தபோது முகவரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த 3.60 டாலரால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதே பழைய சர்வர் இன்னோர் இடத்திலும் தடம் விட்டுப் போயிருக்கிறது. ஸ்டோரேஜ் வரியில் 80 ஜிபி-மாதம் என்று இருக்கிறது பாருங்கள். இப்போது ஓடும் சர்வரின் டிஸ்க் 30 ஜிபிதான். மீதி 50 எங்கிருந்து வந்தது? சர்வரை அழிக்கும்போது அதோடு சேர்த்து அழியும்படி குறிக்கப்படாத டிஸ்க் அப்படியே நின்றுவிடும். அதைத் தேடிப் பிடிக்க ஒரு வரிக் கட்டளை போதும்:

```
aws ec2 describe-volumes --region us-east-1 \
  --filters Name=status,Values=available
```

எந்தச் சர்வரிலும் மாட்டப்படாத டிஸ்க்குகளின் பட்டியல் வரும். உள்ளே வேண்டிய தரவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அழித்தால் மாதம் 4 டாலர் குறையும்.

ஜிபி-மாதம் என்ற அலகைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் தேதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 50 ஜிபி டிஸ்க் முழு மாதம் இருந்தால் 50 ஜிபி-மாதம். 15-ஆம் தேதி முடிய வைத்திருந்து அழித்தால் 25. அதனால் பில்லில் ஒட்டாத எண் வரும்போது, மாத நடுவில் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள் அல்லது நீக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இன்னொன்று, டிஸ்க் விஷயத்தில் நாம் கேட்டு வாங்கிய அளவுக்குத்தான் காசு. 30 ஜிபி டிஸ்க்கில் 6 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் 30-க்கும் கட்ட வேண்டும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 சேவையில் இதற்கு நேர்மாறு, உண்மையில் வைத்த அளவுக்கு மட்டும்தான் கணக்கு.

ஸ்னாப்ஷாட் வரியை வேகமாகக் கடந்துவிடலாம். டிஸ்க்கின் பிரதிகள் அவை. முதல் பிரதிக்குப் பிறகு வருபவை மாறிய பகுதியை மட்டும் வைத்திருக்கும். அதனால் பத்துப் பிரதிகளில் ஐந்தை அழித்தால் பாதிக் காசு குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மற்ற பிரதிகள் சார்ந்திருக்கும் பகுதி அப்படியே நிற்கும். பழைய சர்வரிலிருந்து எடுத்த இமேஜ் ஒன்று பதிவில் இருந்தால், அதன் பதிவை நீக்கும்வரை அதன் ஸ்னாப்ஷாட்டை அழிக்கவும் விடாது.

இப்போது பில்லின் கனமான பகுதிக்கு வருவோம். நாட் கேட்வேயின் இரண்டு வரிகள் சேர்ந்து 50.85 டாலர். சர்வரின் விலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். முதலாளியிடம் பேசும்போது இதைப் பற்றி யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

அது செய்யும் வேலை இதுதான். பாதுகாப்புக்காகச் சர்வரை உள்வட்ட நெட்வொர்க்கில் வைக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் நேராக அதைத் தொட முடியாது, லோடு பேலன்சர் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் சர்வருக்கும் வெளியே போக வேண்டிய தேவைகள் உண்டு. மென்பொருள் புதுப்பிப்பு இறக்க வேண்டும், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தோடு பேச வேண்டும், முன்பணம் வந்துவிட்டதா என்று பேமென்ட் கேட்வேயைக் கேட்க வேண்டும். உள்ளிருந்து வெளியே போகும் அந்த ஒரு வழிதான் நாட் கேட்வே. சுங்கச்சாவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது இரண்டு விதமாகக் காசு வாங்கும் சாவடி. திறந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 4.5 சென்ட், கடக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் 4.5 சென்ட். போகும் தரவு, வரும் தரவு என்ற பேதம் அதற்குக் கிடையாது.

மணிக்கணக்கு 720, ஒரு கேட்வே. அதில் ஆராய ஒன்றுமில்லை. மற்ற வரியில் இருக்கும் 410 ஜிபிதான் உறுத்துகிறது. ஒரு கல்யாண மண்டபத்தின் சர்வர் மாதம் 410 ஜிபி அளவுக்கு யாரோடு என்ன பேசுகிறது? குறுஞ்செய்தியும் பேமென்ட் சரிபார்ப்பும் சில ஜிபியைத் தாண்டாது. புதுப்பிப்புகள், பதிவேடுகள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 என்று வைத்தாலும் 360 மிஞ்சுகிறது.

இந்த 360-ஐ 30-ஆல் வகுத்தால் 12. ஒரு நாளைக்கு 12 ஜிபி, மிச்சமில்லாமல். மனிதர்கள் பயன்படுத்துவதால் வரும் அளவு இப்படி இருக்காது. முகூர்த்த நாளில் ஏறும், மற்ற நாளில் இறங்கும். ஒரே அளவில் தினமும் நடப்பது என்றால் அது நேரம் குறித்து ஓடும் ஏதாவதொரு வேலையாகத்தான் இருக்கும். கிளவுட்வாட்சில் நாட் கேட்வேயின் `BytesOutToDestination` வரைபடத்தைத் திறந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பகலெல்லாம் தரையோடு கிடக்கும் கோடு, தினமும் பின்னிரவு 2 மணிக்கு ஊசிபோல எழுந்து இறங்கும். அது பேக்கப் எடுக்கும் நேரம்.

பேக்கப் எங்கே போகிறது? எஸ்3-க்கு. அந்தப் பகுதியை விரித்துப் பார்த்தால் இன்னும் இரண்டு எண்கள் சாட்சிக்கு வருகின்றன.

```
$0.023 per GB - first 50 TB / month of storage used    180 GB-Mo     $4.14
$0.005 per 1,000 PUT, COPY, POST, or LIST requests     90,000 Reqs   $0.45
```

180-ஐ 12-ஆல் வகுத்தால் 15. கடைசி 15 இரவுகளின் பேக்கப்பை வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும்படி எழுதியிருக்கிறார்கள் என்று இதிலிருந்தே தெரிகிறது. 90,000 கோரிக்கைகளை 30-ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 3,000. மண்டபங்களின் படங்கள் 3,000. 12 ஜிபியை 3,000-ஆல் வகுத்தால் படம் ஒன்றுக்கு 4 எம்பி, அதாவது கைபேசியில் எடுத்தபடி அப்படியே ஏற்றிய படங்கள். ஆக, ஒரு படம்கூடப் புதிதாகச் சேராத நாளிலும் அத்தனை படங்களையும் முதலிலிருந்து நகலெடுக்கிறது அந்த நிரல். 45 சென்ட் என்று ஒதுக்கிவிடத் தோன்றும் வரிதான், ஆனால் என்ன நடக்கிறது என்பதை முழுசாகச் சொன்னது அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வட்டாரத்தில் இருக்கும் சர்வரிலிருந்து எஸ்3-க்குத் தரவு அனுப்பக் கட்டணமே கிடையாது. இலவசமாகப் போக வேண்டிய சரக்கு, வேறு வழி காட்டப்படாததால் நாட் கேட்வேயைச் சுற்றிக்கொண்டு போய் 360 ஜிபிக்கு 16.20 டாலர் அழுகிறது. இதற்கென்றே கேட்வே எண்ட்பாயின்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. நெட்வொர்க்கின் வழித்தடப் பட்டியலில் `com.amazonaws.us-east-1.s3` என்பதற்கு நேர்வழி காட்டிவிட்டால் போதும். மணிக்கட்டணமும் இல்லை, ஜிபி கட்டணமும் இல்லை. செயலியின் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, எஸ்3 பக்கெட்டும் சர்வரும் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும். சர்வர் வர்ஜீனியாவிலும் பக்கெட் மும்பையிலும் இருந்தால் இந்த வழி உதவாது.

நிரலையும் திருத்தி, புதிதாகச் சேர்ந்த படங்களை மட்டும் அனுப்பும்படி செய்தால் சேமித்திருக்கும் 180 ஜிபியும் 12-க்கு அருகே வந்துவிடும். `aws s3 sync` கட்டளை அதைத்தான் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: தவறுதலாக ஒரு படம் மாற்றி எழுதப்பட்டால் பேக்கப்பிலும் அதுவே போய் உட்காரும். பக்கெட்டில் வெர்ஷனிங்கை இயக்கி வைத்தால் பழைய படமும் மிஞ்சும்.

அந்த 4 எம்பி படங்கள் இன்னோர் இடத்திலும் செலவு வைத்திருக்கின்றன. `Data Transfer` பகுதியில், இணையத்துக்கு வெளியே போன தரவு 160 ஜிபி என்று இருக்கிறது. மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதன் வரியில் `$0.000 per GB` என்று போட்டிருக்கும். மீதி 60 ஜிபிக்கு 9 சென்ட் வீதம் 5.40 டாலர். மும்பையாக இருந்தால் ஜிபிக்கு 10.93 சென்ட். உள்ளே வரும் தரவுக்குக் காசு இல்லை, வெளியே போவதற்குத்தான். 160 ஜிபியை 4 எம்பியால் வகுத்தால் 40,000 முறை படம் பார்த்திருக்கிறார்கள். பார்ப்பவர் கையில் இருப்பது உள்ளங்கையளவுத் திரை. அதில் 400 கேபி படமே தெளிவாகத் தெரியும். ஏற்றும்போதே படத்தைச் சுருக்கி வைத்தால் வெளியே போவது 16 ஜிபியாகிவிடும். இலவச வரம்பைத் தொடக்கூட மாட்டோம், படமும் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் திறக்கும்.

அதே பகுதியில் 90 சென்ட்டுக்கு ஒரு வரி உண்டு, `regional data transfer`, 90 ஜிபிக்கு ஒரு சென்ட் வீதம். ஒரே வட்டாரத்துக்குள் சில கிலோமீட்டர் இடைவெளியில் தனித்தனி வளாகங்கள் இருக்கும். சர்வர் ஒன்றிலும் டேட்டாபேஸ் இன்னொன்றிலும் அமைந்துவிட்டதால், இரண்டும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு ஜிபிக்கும் இந்தக் காசு. 90 சென்ட்டுக்காக டேட்டாபேஸை இடம் மாற்றச் சொல்ல மாட்டேன். அது இன்னதென்று தெரிந்திருந்தால் போதும்.

டேட்டாபேஸ் பகுதி இரண்டே வரி. `db.t3.micro` மைஎஸ்கியூஎல், மணிக்கு 1.7 சென்ட், 720 மணி, 12.24 டாலர். அதன் 20 ஜிபி டிஸ்க்குக்கு 2.30. இங்கே இல்லாத ஒரு வரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய 5.7 பதிப்பிலேயே இருப்பவர்களின் பில்லில் 2024 மார்ச் 1 முதல் `Extended Support` என்ற வரி சேர்ந்தது. காலம் முடிந்த பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதற்கான கட்டணம் அது. வர்ஜீனியாவில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு விசிபியுவுக்கு மணிக்கு 10 சென்ட். இத்தனை சிறிய டேட்டாபேஸிலும் விசிபியு இரண்டு. 720 மணிக்குக் கணக்கிட்டால் 144 டாலர். 12 டாலர் டேட்டாபேஸை இடம் மாற்றாமல், பெரிதாக்காமல், பதிப்பை உயர்த்தாமல் விட்டதற்காக மட்டும் 144 டாலர். அளவு நெடுவரிசையில் 720-க்குப் பதிலாக 1,440 என்று இருக்கும், அலகு `vCPU-hour` என்று இருக்கும். இரண்டு டேட்டாபேஸ் ஓடுகிறதோ என்று குழம்ப வேண்டாம். ஒரே டேட்டாபேஸின் இரண்டு விசிபியு அவை.

சர்வருக்குக் கீழே ஒரு 3.05 டாலர் வரியை விட்டுவிட்டு வந்தோம், `CPU Credits`. `t3` வகைச் சர்வர்கள் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் முழு வேகத்தை எப்போதும் பயன்படுத்த மாட்டோம் என்ற எதிர்பார்ப்பில் விற்கப்படுவதுதான். `t3.small`-க்கு அனுமதித்த சராசரி வேகம் 20 சதவீதம். அதற்குக் கீழே இருக்கும் நேரத்தில் மிச்சம் சேரும், மேலே போகும்போது கழியும். மிச்சமும் தீர்ந்து, நாள் சராசரியே 20-ஐத் தாண்டினால், மிகையான ஒவ்வொரு விசிபியு-மணிக்கும் 5 சென்ட். நம் பில்லில் அப்படி 61 மணி. இதைப் பார்த்ததும் ஒரு படி பெரிய `t3.medium`-க்குத் தாவுவது வழக்கம். அதில் நினைவகம்தான் இரட்டிப்பாகும். அனுமதித்த சராசரி அதே 20 சதவீதம்தான், விசிபியுவும் அதே இரண்டுதான். விலை இரட்டிப்பாகும், இந்த வரியும் போகாது.

முன்பதிவுச் செயலிகளில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. தேதி பார்க்கும் நாட்காட்டிப் பக்கத்தில் 'அடுத்த மாதம்' என்று ஒரு சுட்டி இருக்கும். தேடுபொறிகளும் மற்ற பாட்களும் அதைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே 2090-ஆம் ஆண்டு வரை போய், ஒவ்வொரு மாதத்துக்கும் டேட்டாபேஸைத் தேட வைக்கும். சர்வரின் அணுக்கப் பதிவில் ஆளே முன்பதிவு செய்யாத ஆண்டுகள் வரிசையாக வந்தால் இதுதான். 'அடுத்த மாதம்' சுட்டியை இரண்டு ஆண்டுக்கு மேல் காட்டாமல் நிறுத்துவது சில வரி நிரல்.

லோடு பேலன்சருக்கு 720 மணிக்கு 16.20. அதோடு `LCU` என்ற அலகில் 165-க்கு 1.32. ஒவ்வொரு மணியிலும் புதிய இணைப்புகள், திறந்திருக்கும் இணைப்புகள், கடந்த தரவு, விதிச் சோதனைகள் ஆகிய நான்கில் எது அதிகமோ அதை வைத்து வரும் கணக்கு அது. நமக்குத் தரவுதான் அதிகம். ஒரு ஜிபிக்கு ஓர் அலகு, வெளியே போன 160 ஜிபியோடு உள்ளே ஏற்றியதும் சேர்ந்து 165. படங்கள் சுருங்கினால் இதுவும் சுருங்கும். பெயரைக் கண்டுபிடித்துத் தரும் ரூட் 53-க்கு ஒரு டொமைனுக்கு 50 சென்ட், கேள்விகளுக்கு 12 சென்ட். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், நாட் கேட்வே, லோடு பேலன்சர், ஐபி முகவரிகள் மூன்றுக்கும் மட்டும் 82.77 டாலர். வரி நீங்கலான பில்லில் நூற்றுக்கு 60. பெரிய நிறுவனத்துக்கு வரையப்பட்ட நெட்வொர்க் படத்தை ஒரே சர்வர் உள்ள செயலிக்கு அப்படியே போட்டதன் விலை இது. அது தப்பான வடிவமைப்பு இல்லை. பத்துச் சர்வர் இருந்தால் அந்த ஒரே கேட்வேயின் மணிக்கட்டணம் பத்தாகப் பிரிந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒரு சர்வருக்குத்தான் அது பாரம்.

என் கணிப்பில், முதலில் எண்ட்பாயின்ட்டை வைத்து, சும்மா கிடக்கும் முகவரியையும் டிஸ்க்கையும் விடுவித்து, படங்களைச் சுருக்க வேண்டும். இவற்றால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நாட் கேட்வேயை எடுப்பதா என்பது யோசித்துச் செய்ய வேண்டியது. சர்வரை வெளிவட்டத்துக்கு நகர்த்தி அதற்கே ஒரு பொது முகவரி கொடுத்தால் கேட்வே தேவைப்படாது. அப்போது செக்யூரிட்டி குரூப் என்ற கதவுக்காவலை நம்பித்தான் எல்லாம். லோடு பேலன்சரிலிருந்து வருவதை மட்டும் உள்ளே விடும்படி அதை இறுக்கிவைக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் செய்யலாம். யாரோ அவசரத்துக்கு எல்லா வாசலையும் திறந்துவிட்டுப் போகும் இடமென்றால், மாதம் 32 டாலர் கொடுத்துக் கேட்வேயை வைத்துக்கொள்வதே மேல்.

எடுப்பதென்று முடிவானால், அடுத்த மாத பில்லில் பார்க்க வேண்டியது கேட்வே வரியை மட்டுமல்ல. நாட் கேட்வேயை அழித்தாலும் அதன் முகவரி தானாகத் திரும்பிப் போகாது, நம் கணக்கிலேயே தங்கிவிடும். ஜூலை 10-ஆம் தேதி முடிய ஓடவிட்டு அழித்திருந்தால் கேட்வே வரி 240 மணியோடு நிற்கும். முகவரியை விட மறந்திருந்தால், `In-use` வரியிலிருந்து மீதி 504 மணி கழன்று `Idle` வரியில் போய் உட்கார்ந்திருக்கும்.